மண்டபம் கரையில் ஓட்டமும் நடையும்: புதிதாகத் தொடங்குபவர் முதல் ஆறு வாரங்களைக் கடிகாரத்தோடு கடக்கும் முறை

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் விடியற்காலையில் ஓடத் தொடங்கும் ஆண்களை வேறு எந்தப் பருவத்தையும்விட அதிகமாகப் பார்க்கிறேன். விசைப்படகில் தொழில் செய்யும் என் மைத்துனரும் அப்படித்தான் தொடங்கினார். வயது 39. வலை இழுத்துப் பழகிய தோள்களும் ஆடும் பலகையில் நின்று பழகிய தொடைகளும் அவருக்கு உண்டு. ஆனால் தார்ச் சாலையில் தொடர்ந்து ஓடிப் பழகிய கால் எலும்பு அவருக்கு இல்லை. அவரை முன்வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஏனெனில் அவர் செய்த பிழை மூச்சு வாங்குபவர்கள் செய்யும் பிழையன்று, மூச்சு வாங்காதவர்கள் செய்யும் பிழை.

சிறிது நேரம் மெல்ல ஓடி, சிறிது நேரம் நடந்து, மீண்டும் ஓடும் இந்த முறை புதியதன்று. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே, களைத்த பின் நடப்பதை விடுத்துக் களைக்கும் முன்பே நடக்க வேண்டும் என்பதை 1970களிலிருந்தே கற்பித்து வந்தார். பிறகு 1996-ல் ஜோஷ் கிளார்க் என்பவர், உட்கார்ந்தே பழகியவர்கள் ஒன்பது வாரங்களில் 5 கிலோமீட்டர் ஓடுவதற்கான அட்டவணையை வகுத்தார். அதன் முதல் வாரம் ஐந்து நிமிட விரைநடையில் தொடங்குகிறது; அதன்பின் 60 வினாடி மெல்லோட்டம், 90 வினாடி நடை என்று இருபது நிமிடம் மாறி மாறிச் செல்கிறது. வாரத்திற்கு மூன்று நாள் மட்டுமே ஓட்டம். இன்று கைப்பேசியில் கிடைக்கும் பெரும்பாலான பயிற்சிச் செயலிகளின் அடியில் இருப்பது இந்த எலும்புக்கூடுதான். ஒன்பது வாரம் என்பது 63 நாள், தடைக்காலம் 61 நாள் என்பதால், இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தது போலத் தோன்றும். அந்தக் கணக்கு ஆபத்தானது. ஒரு வாரத்தை இரண்டாம் முறை செய்ய வேண்டி வந்தால் அதற்கு அதில் இடமே இல்லை. ஆகவே முதல் ஆறு வாரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 5 கிலோமீட்டரைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

தொடங்கும் முன் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கடற்கரை ஊரில் இருப்பவருக்கு மணலில் ஓடுவதே இயல்பாகத் தோன்றும். மணல் மென்மையானது, கால் வலிக்காது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் உலர்ந்த, புதையும் மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். இதைவிட நமக்கு முக்கியமானது, நடப்பதற்கு அதே மணலில் இரண்டு மடங்குக்கும் மேல் செலவாகிறது என்பதுதான். அதாவது புதைமணலில் நடை என்பது ஓய்வாகவே இருப்பதில்லை. கடிகாரம் "ஓய்வு" என்று காட்டும் 90 வினாடியும் உடலுக்கு உழைப்பாகவே கழிந்துவிடும். நடையை ஓய்வாக நம்பி அமைந்த ஒரு முறையில் இது அடித்தளத்தையே பறித்துவிடுகிறது.

அலை நனைத்த கெட்டி மணல் பரவாயில்லை என்று நினைக்கலாம். ஆனால் நம் பாக் நீரிணைப் பக்கத்தில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அந்தக் கெட்டிப் பட்டை மிகக் குறுகலாக இருக்கிறது. அது கடலை நோக்கிச் சரிந்தும் கிடக்கிறது. ஒரு காலை மேலும் மறுகாலைக் கீழும் வைத்து ஓடினால் இடுப்பும் முழங்காலும் சரிவின் கணக்கை மறுநாள் சொல்லும். போதாக்குறைக்கு, ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லின் மேல் கால் வழுக்கும்.

ஆகவே முதல் ஆறு வாரங்களுக்குச் சமதளமான ஊர்ச்சாலையே நல்லது. உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரையை நோக்கிச் செல்லும் சாலை போல, ஓரத்தில் சவுக்கோ பனையோ நிற்கிற, வண்டி குறைவான சாலையாக இருந்தால் போதும். தேசிய நெடுஞ்சாலை 87 வேண்டாம். இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர் பேருந்துகள் விடியற்காலையில்தான் வேகமாகப் போகும். பாம்பன் சாலைப் பாலமும் வேண்டாம். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை போகும் தனுஷ்கோடிச் சாலை படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அங்கே நிழலோ ஒதுங்க இடமோ கிடையாது, காற்று மணலை வாரிச் சாலையில் போட்டிருக்கும், பாதியில் முடியவில்லை என்றாலும் திரும்பி வர அதே தொலைவு உண்டு. புதியவருக்கு அது ஏற்றதன்று.

சாலையோரத்து மண்ணில் இறங்கி ஓட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் சீமைக் கருவேலம் இல்லாத ஓரமே இல்லை. அதன் முள் மெல்லிய காலணி அடியைத் துளைத்து உள்ளே வந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால், வீடு திரும்பியதும் காலணியையும் உள்ளங்காலையும் கையால் தடவிப் பார்ப்பது அவசியம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே முதல் நாளைத் தொடங்க வேண்டும். சாலையில் எப்போதும் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். விடியும் முன் என்றால் வெளிர்நிறச் சட்டை அணிய வேண்டும்.

கடிகாரத்தை அமைத்தல்

எந்த இடைவேளைக் கடிகாரச் செயலியாக இருந்தாலும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பெட்டிகளை முதல் வாரத்திற்கு இப்படி நிரப்ப வேண்டும்:

```
Prepare    5:00
Work       1:00
Rest       1:30
Cycles     8
Cool down  5:00
```

Prepare என்பது தொடக்க நடை, Work என்பது மெல்லோட்டம், Rest என்பது நடை, Cycles என்பது சுற்றுகளின் எண்ணிக்கை, Cool down என்பது இறுதி நடை. சில செயலிகளில் சுற்றுகள் Rounds என்றும் Sets என்றும் பெயர் மாறியிருக்கும். நிரப்பியதும் மொத்த நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடமும், இரண்டரை நிமிடச் சுற்று எட்டும், இன்னொரு ஐந்து நிமிடமும் சேர்ந்து 30:00 என்று காட்ட வேண்டும். 28:30 என்று காட்டினால் அந்தச் செயலி கடைசிச் சுற்றின் நடையை விட்டுவிடுகிறது என்று பொருள். அதில் தவறில்லை, Cool down-ஐ 6:30 ஆக்கிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். இரண்டு விடைகளும் அல்லாத வேறு எண் வந்தால், Work, Rest இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். என் மைத்துனர் முதலில் அப்படித்தான் போட்டிருந்தார், 29:00 காட்டியது. எனினும் 90 வினாடி ஓட்டம், 60 வினாடி நடை என்ற அந்த அமைப்பு தமக்குப் பொருத்தமாகவே இருப்பதாக அவர் வாதாடினார்.

அடுத்து ஒலி. ஓடுகிறவர் திரையைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. குனிந்து பார்க்கும் கணத்தில்தான் குழியில் கால் போகிறது. வெயில் ஏறிவிட்டால் திரையில் ஒன்றும் தெரிவதுமில்லை. மெல்லோட்டத்துக்கு ஓர் ஒலி, நடைக்கு முற்றிலும் வேறோர் ஒலி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மணி வைத்திருப்பவர்கள் நான்காம் சுற்றில் எதில் இருக்கிறோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். கடைசி மூன்று வினாடிகளைச் சொட்டுச் சொட்டாக ஒலிக்கச் செய்யும் வசதி இருந்தால் அதை இயக்கி வைக்க வேண்டும். அது இருந்தால் ஓட்டத்திலிருந்து திடீரென்று நிற்காமல் நான்கைந்து அடிகளில் நடைக்கு இறங்க முடியும். கச்சான் காற்று எழும் நாட்களில் காதருகே காற்றின் இரைச்சல் மணியை விழுங்கிவிடும். அப்போது அதிர்வையும் சேர்த்து இயக்கி, கைப்பேசியைத் தளர்ந்த கால்சட்டைப் பையில் போடாமல் கையிலோ இடுப்பில் இறுக்கமாகக் கட்டிய பையிலோ வைக்க வேண்டும். காதில் கருவி மாட்டுபவர்கள் ஒரு காதில் மட்டும் மாட்ட வேண்டும். மற்றது வண்டிச் சத்தத்துக்கும் நாய்க்கும்.

பலரும் தவறவிடுகிற ஒரு சோதனை உண்டு. ஆண்டிராய்டு கைப்பேசிகள் மின்கலத்தைச் சேமிப்பதற்காகத் திரை அணைந்த சில நிமிடங்களில் செயலியை உறங்க வைத்துவிடுவதுண்டு. அப்படி உறங்கிவிட்டால் மணி ஒலிக்காது, ஓடுகிறவரோ அடுத்த மணிக்காகக் காத்து ஓடிக்கொண்டே இருப்பார். Settings-ல் அந்தச் செயலியைத் திறந்து Battery என்ற பகுதியில் Unrestricted என்று மாற்றினால் இது பெரும்பாலும் தீரும். Do Not Disturb அணைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு முதல் நாளுக்கு முந்தைய மாலையில், திரையைப் பூட்டி, கைப்பேசியைப் பையில் போட்டு, வீட்டு முற்றத்திலேயே இரண்டு சுற்று நடந்து பார்க்க வேண்டும். இரண்டு சுற்றிலும் எல்லா மணியும் கேட்டால்தான் சாலைக்குப் போகலாம். திரையைப் பூட்டுவது இன்னொரு வகையிலும் தேவைப்படுகிறது. நம் ஊர்க் காற்றில் ஐந்தாம் நிமிடத்திலேயே விரல் நனைந்துவிடும். நனைந்த துணி திரையில் உரசியே கடிகாரத்தை நிறுத்திவிடும்.

முதல் நாள், மணிக்கு மணி

சித்திரை, வைகாசியில் இங்கே ஏறத்தாழ ஆறு மணிக்குச் சூரியன் எழுகிறது. ஐந்தரைக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு முடித்துவிடலாம். அந்த வேளையில் வெப்பம் குறைவாக இருந்தாலும் காற்றில் ஈரப்பதம் மிகுதியாக இருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வியர்வை உலராமல் வழிந்துகொண்டேயிருந்தால் அது உடலைக் குளிர்விக்கவில்லை என்று பொருள். புறப்படும் முன் ஒரு குவளைத் தண்ணீர் போதும், வயிறு முட்டக் குடிக்க வேண்டாம். நோன்பு மாதத்தில் ஓட விரும்பும் கீழக்கரை, தொண்டிப் பக்கத்து நண்பர்கள் விடியற்காலையை விட்டுவிட்டு, நோன்பு திறந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஓடுவதே தகும்.

காற்றுக்கு எதிரே புறப்பட வேண்டும். அப்படிப் போனால் களைத்துத் திரும்பும் பாதியில் காற்று முதுகைத் தள்ளும். மாறாகப் புறப்பட்டால் போகும்போது எளிதாக இருப்பதைத் தம் வலிமை என்று எண்ணி வேகம் கூட்டிவிடுவார்கள், திரும்பும்போது தண்டனை.

முதல் ஐந்து நிமிடம் விரைவாக நடக்க வேண்டும். மணி ஒலித்ததும் மெல்லோட்டம் தொடங்குகிறது. இங்கே வேகம்தான் எல்லாக் கோளாறுக்கும் வேர். புதியவர் ஓட்டம் என்றதும் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடியதையே நினைத்துக்கொண்டு பாய்வார். வேண்டியது அதுவன்று. நடைக்குச் சற்றே மேலான வேகத்தில், அடியைச் சிறிதாக வைத்து, பாதம் உடலுக்கு நேர் கீழே இறங்கும்படி ஓட வேண்டும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓடியபடியே உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண் முதல் அஞ்சல் குறியீடு வரை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மூச்சு இடறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ஊர்ப் பெயருக்கு வரும்போது நடுவில் மூச்சிழுக்க வேண்டி வந்தால் வேகம் அதிகம்.

அறுபதாவது வினாடியில் நடை மணி ஒலிக்கும். அப்போது பெரும்பாலோருக்குக் களைப்பே இருக்காது. என் மைத்துனர் முதல் நாள் அந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்பத்தான மச்சான் ஆரம்பிச்சோம், இதுக்குள்ள எதுக்கு நடக்கணும்?" என்று கேட்டுவிட்டு ஓடிக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் உடலின் ஆக்சிசன் தேவை உடனே எழுந்துவிடுகிறது. ஆனால் இதயமும் நுரையீரலும் அந்தத் தேவைக்கு ஈடாக உயர்ந்து நிலைகொள்ள இரண்டு, மூன்று நிமிடம் பிடிக்கிறது. இடைப்பட்ட நேரத்தைத் தசை தன் சேமிப்பைக் கொண்டு சமாளிக்கிறது. எனவே ஒரு நிமிட முடிவில் களைப்பில்லை என்பது, செலவான கணக்கு இன்னும் கைக்கு வரவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. களைப்பை உணர்ந்து நடக்கத் தொடங்குபவர் கடன் ஏறிய பிறகு நடக்கிறார். அவருக்கு 90 வினாடி போதாது. களைக்கும் முன் நடப்பவருக்கு அதே 90 வினாடியில் மூச்சு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது, எட்டாம் சுற்றும் முதல் சுற்றைப் போலவே அமைகிறது. நடை மணிக்கு உடனே பணிவதுதான் இந்த முறையில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே திறமை என்பது என் கருத்து. ஓடச் சொல்லும் மணிக்கு யாரும் தாமதிப்பதில்லை.

நடையின்போது நிற்கவோ, குனிந்து முழங்காலைப் பிடிக்கவோ, உட்காரவோ கூடாது. தோளைத் தளர்த்தி, முதல் அரை நிமிடம் மெதுவாகவும் பிறகு சாதாரணமாகவும் நடக்க வேண்டும். அடுத்த ஓட்ட மணி ஒலிக்கும்போது முகவரியை முழுமையாகச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தச் சுற்றின் ஓட்டத்தை விட்டுவிட்டு அந்த 60 வினாடியையும் நடையாகவே கடந்துவிடலாம். கடிகாரத்தை நிறுத்த வேண்டியதில்லை, அது தன்போக்கில் ஓடட்டும். இரண்டு சுற்றுகளில் அப்படி நேர்ந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாம் முறையும் நேர்ந்தால் அன்றைக்கு நடந்தே வீடு திரும்ப வேண்டும்.

நான்காம் சுற்றின் நடை முடியும்போது சரியாக 15 நிமிடம் ஆகியிருக்கும். அங்கே திரும்ப வேண்டும். மெல்லோட்டத்தில் நிமிடத்துக்கு 125 மீட்டர், நடையில் 90 மீட்டர் என்று கொண்டால், எட்டு நிமிட ஓட்டத்தில் 1000 மீட்டரும், சுற்றுகளின் இடைநடையில் 1080 மீட்டரும், முன்னும் பின்னும் உள்ள நடையில் 900 மீட்டருமாக மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு கோயிலோ, தேவாலயமோ, தேநீர்க் கடையோ இருந்தால் அதைக் குறியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் குறியை எட்டுவதற்காக வேகம் கூட்டக் கூடாது. 15 நிமிடம் எங்கே முடிகிறதோ அதுதான் திரும்பும் இடம்.

தலை சுற்றல், மார்பில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குமட்டல், வெப்பத்திலும் உடல் சிலிர்த்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி நிழலில் அமர்ந்து ஆள் கூப்பிட வேண்டும். மார்பு இறுக்கமோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ இருந்தால் 108-க்கு அழைக்கத் தயங்க வேண்டாம்.

ஓய்வு நாளுக்கும் ஒரு மணி

இதுவரை சொன்னது ஒரு நாளுக்குள் வரும் ஓய்வு. நாட்களுக்கு இடையே வரும் ஓய்வில்தான் என் மைத்துனர் விழுந்தார்.

ஏப்ரல் 16 அன்று தொடங்கிய அவர் நடை மணிகளைப் பொருட்படுத்தாமல் முதல் நாள் பன்னிரண்டு நிமிடம் ஓடினார். மறுநாளும், அதற்கு மறுநாளும் ஓடினார். படகு கரையில், வேலையில்லை, மூச்சும் முட்டவில்லை, பிறகு எதற்கு ஓய்வு என்பது அவருடைய நியாயம். ஐந்து நாள் தொடர்ந்து ஓடினார். ஆறாம் நாள் காலை படியிறங்கும்போது இரண்டு கால்களிலும், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பின் உட்புற விளிம்பில் வலி.

இதில் வியப்பில்லை. இதயமும் இரத்த ஓட்டமும் பயிற்சிக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே இணங்கத் தொடங்கிவிடுகின்றன. எலும்பின் வேகம் வேறு. புதிய அதிர்ச்சி விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைச் சிறிது சிறிதாகக் கரைத்து, பிறகுதான் அங்கே புதியதைக் கட்டுகிறது. கரைத்தலுக்கும் கட்டுதலுக்கும் இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடச் சற்று நலிந்தே இருக்கும். உடல் வலிமையுள்ளவருக்கு இந்த இடைவெளி இன்னும் ஆபத்தானது, ஏனெனில் அவருடைய மூச்சு அவரைத் தடுப்பதில்லை.

இந்த வலியில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். விரலால் எலும்பின் விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வரும்போது, ஒரு சாண் நீளத்துக்கு ஆங்காங்கே நோவெடுத்து, நடக்க நடக்கச் சற்றே தணிந்தால், அது பெரும்பாலும் மிகைப்பளுவால் வந்த எரிச்சல், ஓய்வில் ஆறும். அவருக்கு அதுதான். மாறாக, ஒரே புள்ளியில் விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்து, ஒற்றைக் காலில் குதித்தால் கூடி, இரவில் படுத்த பிறகும் நீடித்தால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஓடக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

அவர் பத்து நாள் ஓடவில்லை. வலியில்லாத அளவுக்குச் சமதளத்தில் நடந்தார். அந்த நாட்களில் நாங்கள் கைப்பேசியில் செய்த மாற்றம் இது. ஓட்ட நாட்களாகத் திங்கள், புதன், வெள்ளி என்று குறித்து, அந்த நாட்களில் காலை 5:10-க்கு ஓர் அலாரம் வைத்தோம். ஓய்வு நாட்களுக்கான நினைவூட்டலைக் காலையில் வைக்கவில்லை. காலையில் ஒலித்தால் பயனில்லை, அதற்குள் காலணியை மாட்டியிருப்பார். அதனால் திங்கள், புதன், வெள்ளி, சனி இரவுகளில் 8:30-க்கு "நாளை ஓய்வு" என்று பெயரிட்ட அலாரம் வைத்தோம். அது ஒலிக்கும்போது கால் விளிம்பை அழுத்திப் பார்ப்பதும் அவர் வேலை. நோவு இருந்தால் அடுத்த ஓட்ட நாளும் நடை நாளாக மாறும். அத்துடன், "இன்று நீங்கள் இன்னும் நகரவில்லை", "தொடர்ச்சியை விட்டுவிடாதீர்கள்" என்று நாள்தோறும் தூண்டுகிற உடற்பயிற்சிச் செயலியின் அறிவிப்புகளை முழுவதும் அணைத்தோம். ஓய்வெடுக்கச் சொல்லும் மணியும் ஓடச் சொல்லும் மணியும் ஒரே கைப்பேசியில் சண்டையிட்டால் ஓடச் சொல்வதுதான் வெல்லும்.

ஓய்வு நாள் என்றால் படுத்திருக்கும் நாள் என்று பொருளில்லை. வலை பழுதுபார்க்கலாம், சந்தைக்கு நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். காலடியில் தரை அறையும் அதிர்ச்சி மட்டும் வேண்டாம்.

அடுத்த வாரங்களில் கூட்டும் முறை

மே 2-ல் அவர் மீண்டும் தொடங்கினார். முதல் வாரம் 30 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை, எட்டுச் சுற்று. முன்பின் நடையோடு 26 நிமிடம். இது அவருக்கு அவமானமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெருவில் எல்லாரும் பார்க்க அரை நிமிடத்துக்கு ஒருமுறை நடந்தார். காயம் பட்டவர்களும், 55 வயதைக் கடந்தவர்களும், எடை மிகுந்தவர்களும் இந்த அரை நிமிடத்திலிருந்தே தொடங்குவது நல்லது.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் முன்னே சொன்ன 1:00, 1:30, எட்டுச் சுற்று. நான்காம், ஐந்தாம் வாரங்களில் 1:30, 2:00, ஆறு சுற்று. ஆறாம் வாரத்தில் 2:00, 2:00, ஐந்து சுற்று. ஓடிய மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் நான்கு, எட்டு, ஒன்பது, பத்து நிமிடம் என்று வரும். முதல் தாவல் மட்டுமே பெரிது. அதனால்தான் அந்த எட்டு நிமிடத்தில் இரண்டு வாரம் தங்க வேண்டியிருக்கிறது. ஆறு சுற்று நாளில் மூன்றாம் சுற்றின் முடிவில் திரும்ப வேண்டும். ஐந்து சுற்று நாளில் மூன்றாம் சுற்றின் ஓட்டம் முடிந்து நடை மணி ஒலிக்கும் இடத்தில் திரும்ப வேண்டும். அங்கேயும் 15 நிமிடம் ஆகியிருக்கும்.

ஒரு வாரத்திலிருந்து அடுத்ததற்குப் போகலாமா என்பதை மூன்று ஓட்ட நாட்களும் முடிந்த பின் முடிவு செய்ய வேண்டும். மூன்றிலும் கடைசிச் சுற்றில் முகவரி முழுமையாக வந்திருந்து, இரவு அழுத்திப் பார்த்ததில் நோவில்லை என்றால் மாற்றலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் அதே வாரத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். சுற்றின் நீளத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. ஆறு வாரத்திலும் வேகம் கூடாமலே இருந்தால் இன்னும் நல்லது.

கத்திரி வெயில் இந்த வாரங்களுக்குள்தான் வருகிறது. இரவு முழுதும் காற்றே அசையாமல் புழுங்கிய விடியலில், அட்டவணை எந்த வாரமாக இருந்தாலும் முதல் வாரத்து அரை நிமிட அமைப்பையே போட வேண்டும். அதற்காக அதைச் செயலியில் தனிப் பெயரில் சேமித்து வைத்துக்கொள்வது வசதி. எங்கள் கைப்பேசியில் அதன் பெயர் "புழுக்கம்". மே மாதத்தில் நான்கு நாள் அதைப் பயன்படுத்தினோம்.

ஜூன் 12 அன்று அவர் ஐந்து சுற்றையும் முடித்தார். தடைக்காலம் முடிந்து படகு இறங்கிய பின், கடலுக்குப் போய் வந்த மறுநாளில் ஓடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு ஓட்ட நாள்தான் கிடைக்கிறது. 2:00, 2:00 என்ற அமைப்பை மாற்றவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் 1:00, 1:30-க்கு இறங்கிவிடுகிறார். ஜூனுக்குப் பின் தென்மேற்கிலிருந்து காற்று அறைகிறது என்பதால் மன்னார் வளைகுடாப் பக்கத்துச் சாலையை விட்டுவிட்டு வடகடற்கரைப் பக்கம் மாறியிருக்கிறார். ஐப்பசியில் வாடை தொடங்கியதும் திரும்பவும் தெற்கே வர வேண்டியிருக்கும். இரவு 8:30 அலாரத்தின் நாட்களை மட்டும் ஒவ்வொரு வாரமும் படகு போகும் நாளுக்கு ஏற்பக் கையால் மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது. அதை என் தங்கை செய்கிறார்.